முள் இல்லாத கடிகாரம் என்றால் சாவு மட்டும்தானா?

தெப்பக்குளம் அருண்: பெர்க்மன் 1957இல் எடுத்த ‘வைல்ட் ஸ்ட்ராபெர்ரீஸ்’ படத்தை நண்பர்களோடு பார்த்தேன். கிழவர் காணும் முதல் கனவில் தெருக் கடிகாரத்துக்கு முள்ளே இல்லை. பார்த்ததும் எல்லோரும் "சாவு" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அவ்வளவுதானா? திரும்பத் திரும்ப வரும் பொருளையும் நிறத்தையும் எதை வைத்துப் படிப்பது?

செல்லூர் பாண்டி: இதில் குழப்பமே இல்லை தம்பி. சில அடையாளங்களுக்கு அர்த்தம் உறுதியானது. நம் ஊரையே பாருங்கள். அழகர் பச்சைப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினால் மழை, செழிப்பு. சிவப்பு என்றால் கெடுதல். வைகைக் கரையில் நிற்கும் சின்னப் பிள்ளையும் இதைச் சொல்லும். சினிமாவிலும் அப்படித்தான். சிவப்பு ஆபத்து, நின்ற கடிகாரம் சாவு.

ஒத்தக்கடை சரவணன்: நான் படப்பிடிப்பில் கலைத்துறை உதவியாளராக இருந்தவன். வீட்டுக்குள் எடுக்கும் காட்சியில் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியை முதலிலேயே கழற்றிவிடுவோம். இரண்டு நிமிடக் காட்சியை எடுக்க அரை நாள் ஆகும். கடிகாரம் ஓடினால் ஒரு ஷாட்டில் 10.20 காட்டும், வெட்டி ஒட்டிய அடுத்த ஷாட்டில் 1.40 காட்டும். அதனால் காட்சிக்கு வேண்டிய நேரத்தைக் கையால் வைத்து நிறுத்திவிடுவோம். பிறகு ஒருவர் வந்து "நின்ற கடிகாரம் நாயகனின் உறைந்த மனம்" என்று எழுதுவார். என்னைக் கேட்டால் குறியீடு என்பதில் பாதி இப்படி வந்ததுதான்.

சிம்மக்கல் மீனா: சரவணன் அண்ணே, நீங்கள் சொல்வது பின்னணியில் கிடக்கும் கடிகாரத்துக்குச் சரி. அதைப் படிக்கக் கூடாதுதான். ஆனால் இந்தப் படம் கடிகாரத்தை எப்படிக் காட்டுகிறது? கேமரா அதைத் தனியாக எடுத்துக் காட்டுகிறது. கிழவர் அண்ணாந்து பார்க்கிறார். சந்தேகப்பட்டுத் தன் பையிலிருக்கும் கடிகாரத்தை எடுத்துப் பார்க்கிறார், அதிலும் முள் இல்லை. ஒரு பொருளுக்காகப் படம் நின்று மெனக்கெட்டால், அது தற்செயல் இல்லை.

அருண், அந்தக் கனவோடு நிறுத்தினால் உங்கள் நண்பர்கள் சொன்னது போதும். சவப்பெட்டியே வருகிறதே. ஆனால் நடுவில் கிழவர் தன் தாயைப் பார்க்கப் போகிறார், மருமகளும் கூடவே போகிறாள். தாய்க்குத் தொண்ணூறு வயதுக்கு மேல். எப்போதும் குளிர்கிறது என்று சொல்லும் அந்த அம்மா, பழைய பெட்டியிலிருந்து ஒரு தங்கக் கடிகாரத்தை எடுத்துக் காட்டுகிறாள். கணவருடையது. அதற்கும் முள் இல்லை. ஐம்பது வயதாகப்போகும் பேரனுக்கு அதைக் கொடுக்கலாமா என்று கேட்கிறாள். கிழவர் ஆடிப்போகிறார்.

இப்போது அர்த்தம் நகர்ந்துவிட்டது. கனவில் அது அவருடைய சாவு. இங்கே தாத்தாவின் பொருள், பாட்டியின் கையிலிருந்து பேரனுக்குப் போகப்போகிறது. அந்தக் குடும்பத்தில் சொத்தோடு சேர்ந்து கைமாறுவது உயிரற்ற ஒரு குளிர்ச்சி. இது என் கற்பனை இல்லை. அந்தத் தாயையும் மகனையும் சேர்த்துப் பார்த்தபோது பயந்துபோனதாக மருமகளே பிறகு காரில் சொல்கிறாள். அதனால் பொருள் முதல் தடவை வந்ததைவிட, இரண்டாம் தடவை என்ன மாறியிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

பாண்டி அண்ணே, அழகர் பட்டுக்கு அர்த்தம் உறுதியானது ஏன்? ஊரே தலைமுறை தலைமுறையாக ஒத்துக்கொண்டு, வருசா வருசம் ஒரே இடத்தில் நின்று பார்ப்பதால். அதே சிவப்பு முகூர்த்தப் பட்டில் வந்தால் யாரும் கெடுதல் என்று சொல்வதில்லை. படத்துக்கு அப்படி ஓர் ஊர் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்குள் தன் அர்த்தத்தை அதுவே கட்டிக்கொள்ள வேண்டும்.

செல்லூர் பாண்டி: அப்படியா? ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ கறுப்பு வெள்ளைப் படம். அதில் ஒரு குழந்தையின் கோட்டு மட்டும் சிவப்பு. சிவப்பு ரத்தம் என்று உலகத்துக்கே தெரியும், அதனால்தானே நெஞ்சை அறுக்கிறது?

சிம்மக்கல் மீனா: அங்கே அந்த நிறம் முதலில் செய்யும் வேலை வேறு, அண்ணே. நாஜிகள் யூதர்களை விரட்டிக் கொல்லும்போது, குன்றின் மேலிருந்து பார்க்கும் கதாநாயகன் ஷிண்ட்லரின் கண் அந்த ஒரு குழந்தையைப் பின்தொடர்கிறது. அப்புறம் பிணங்களை ஏற்றிப் போகும் வண்டியில் அதே கோட்டு. யார் என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை, நிறமே சொல்லிவிடுகிறது. கோட்டு நீலமாக இருந்தாலும் இந்த அடையாளம் காட்டும் வேலை நடந்திருக்கும்.

செல்லூர் பாண்டி: அடையாளம் தெரிந்திருக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீலக் கோட்டு என்றால் முதல் தடவை அந்தக் குழந்தை நடந்துபோகும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியிருக்காது. வண்டி வருவதற்கு முன்பே வந்த அந்தப் பயத்தைப் படம் எங்கே கட்டியது? நான் வெளியிலிருந்து கொண்டுபோனதுதானே அது?

ஒத்தக்கடை சரவணன்: இந்த இடத்தில் நான் பாண்டி அண்ணன் பக்கம். துணி எடுக்கும்போது இயக்குநர்களும் அதைத்தான் யோசிப்பார்கள்: "மக்களுக்கு இந்தக் கலரைப் பார்த்ததும் என்ன தோணும்?"