மழை விட்டு மூன்றாம் நாள் ஒழுகிய மாடி: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கும்பகோணம், வீட்டுக்காரர்

எங்கள் வீடு 1997-இல் கட்டியது. மொட்டை மாடி 30-க்கு 20, அறுநூறு சதுர அடி. கான்கிரீட் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குப் போட்டு அடித்து, அதன் மேல் தட்டோடு பதித்திருந்தார் அப்பா. இருபது வருடம் ஒரு சொட்டு இறங்கவில்லை. அப்புறம் ஐப்பசி பிறந்தாலே கூடத்தின் கிழக்கு மூலையில் ஓதம் தெரிய ஆரம்பித்தது.

முதலில் ஓட்டு இடுக்குகளைச் சுரண்டிப் புதிதாகக் கலவை அடைத்தோம். அடுத்த வருடம், பவுடரும் திரவமும் கலந்து பிரஷ்ஷில் அடிக்கிற சிமென்ட் பூச்சை ஓட்டின் மேலேயே இரண்டு கோட் அடிக்கச் சொன்னார்கள், அடித்தோம். ஒரு மழைக்காலம் நன்றாக இருந்தது. அதற்கடுத்த வருடம் வினோதமாக ஒன்று நடந்தது. மழை கொட்டும்போது கூடம் காய்ந்து கிடக்கும். மழை விட்டு மூன்றாம் நாள், நல்ல வெயிலில், சொட்டும்.

வந்து பார்த்தவர்களில் ஒருவர் தார் ஷீட் ஒட்டிவிடலாம் என்றார். இன்னொருவர் இருக்கிற தளத்துக்கு மேலேயே, அரைச் செங்கல்லை சிமென்ட் கலவையில் பதிக்கிற பிரிக் பேட் கோபா போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்றார். இரண்டையும் செய்யவில்லை. மாசி மாதம் வலங்கைமானிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். விலை பேசாமல், "இரண்டு இடத்தில் தோண்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, இரண்டடிக்கு இரண்டடி. நடுவில் ஓட்டைப் பெயர்த்ததும் ஜல்லியை அள்ளி என் கையில் கொடுத்தார். பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி ஒட்டியது. ஒரு மாதத்துக்கு மேல் மழையே இல்லை, ஆனால் உள்ளே அவ்வளவு ஈரம்.

ஓரத்தில் தோண்டியபோது காரணமும் தெரிந்தது. நாங்கள் அடித்த பூச்சு ஓட்டின் விளிம்போடு நின்றிருந்தது. சுவர்ப் பூச்சு உள்ளே பொள்ளலாகிவிட்டதால், தண்ணீர் அதன் பின்னால் இறங்கி ஜல்லிக்குள் போயிருக்கிறது. முன்பெல்லாம் அது ஓட்டு இடுக்கு வழியாக வெயிலில் காய்ந்து வெளியேறியிருக்கும். நாங்கள் மேலே மூடியதும் அதற்கு வழியில்லை. பாத்தி கட்டின மாதிரி தேங்கி, கான்கிரீட்டில் பலவீனமான இடம் தேடி மெல்ல இறங்கியது. அந்த மூன்று நாள் கணக்கு இதுதான்.

மும்பையில் வசிக்கும் மாயவரத்துக்காரர்

கோபாவை ஏன் ஒதுக்கினீர்கள்? இங்கே எல்லாக் கட்டடத்திலும் அதுதான். நம் ஊர் ஜல்லி சுண்ணாம்புத் தளத்துக்கு இங்கே வேறு பெயர், அவ்வளவுதான். நான் இருக்கும் கட்டடத்தில் பதினெட்டு வருடமாக நிற்கிறது.

மன்னார்குடி, கொத்தனார்

இரண்டிலும் செங்கல் இருக்கிறது என்பது சரி. ஆனால் வேலை வேறு, குணமும் வேறு. நம் தளத்தில் செங்கல்லை முக்கால் அங்குல ஜல்லியாக உடைத்து, இரண்டரை பங்கு ஜல்லிக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு சேர்த்து, கட்டையால் நாள்கணக்கில் அடிப்போம். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்து, கட்டை துள்ளித் திரும்புகிற அளவுக்கு இறுகும் வரை அடிக்க வேண்டும். சுண்ணாம்பு கொஞ்சம் இளகிக் கொடுக்கும், வெயிலுக்கு விரிந்தாலும் சட்டென்று வெடிக்காது.

கோபாவில் அரைச் செங்கல்லை சிமென்ட் கலவையில் நிற்கவைத்து, இடையில் அரை அங்குலத்துக்கு மேல் சந்து விட்டு, அதைக் கலவையால் நிரப்பி, மேலே ஓர் அங்குலம் பூசிக் கயிற்றால் கட்டம் போடுவார்கள். நான் சென்னையில் இரண்டு வருடம் இந்த வேலை செய்தேன். செங்கல்லை நன்றாக ஊறவைக்காமல் வைத்தால், அது கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். கலவை மாவாகிப் போகும். முடித்த பிறகு குறைந்தது ஏழு நாள் தண்ணீர் கட்ட வேண்டும். அதைச் செய்யாத மாடியில் அடுத்த சித்திரைக்குள் மயிரிழை வெடிப்பு வந்துவிடும். அந்த வெடிப்பில் இறங்குகிற தண்ணீர் செங்கல்லுக்குள் தங்கும். கும்பகோணத்துக்காரர் சொன்ன அதே கதைதான்.

தஞ்சாவூர், ஓய்வு பெற்ற பொறியாளர்

பழைய தளத்தின் மேலேயே கோபா போடச் சொன்னாரே, அது எனக்குப் பயமாக இருக்கிறது. நாலரை அங்குல கோபா சதுர அடிக்கு 20 கிலோவுக்குக் குறையாது. 600 சதுர அடிக்கு 12 டன். ஏற்கெனவே கிடக்கிற மூன்று அங்குலத் தளம் சுமார் 8 டன். ஆள் நடமாடும் மாடிக்குக் கணக்கில் எடுக்கும் சுமையே சதுர மீட்டருக்கு 150 கிலோதான். கோபா மட்டும் 200-ஐத் தாண்டிவிடும், அதுவும் எந்நாளும் இறங்காத சுமை. கோபா வேண்டுமென்றால் பழையதை எடுத்துவிட்டுப் போடுங்கள். எத்தனையோ வீடுகளில் ஒழுகலுக்கு மேல் தளம், அதற்கு மேல் இன்னொரு தளம் என்று அடுக்கியிருப்பதைப் பார்த்து மனம் பதறியிருக்கிறேன்.

நாகப்பட்டினம், ஆசிரியை

தார் ஷீட் பற்றி என் அனுபவம். மார்கழியில் நாலு நாள் மழை விட்டது, உடனே ஒட்டிவிட்டோம். 3 மில்லிமீட்டர் ஷீட், கேஸ் அடுப்பு மாதிரி தீ காட்டி உருக்கி ஒட்டினார்கள். பங்குனி வெயிலில் சோற்றுத் தட்டு அளவுக்குக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. காலால் மிதித்தால் உள்ளே காற்று நகர்வது தெரியும். அடியில் இருந்த ஈரம் ஆவியாகித் தூக்கிவிட்டது என்று பிறகு ஒருவர் விளக்கினார். கொப்புளத்தை வெட்டி ஒட்டினோம், வேறு இடத்தில் கிளம்பியது. கடலோரம் என்பதால் கான்கிரீட் கம்பியும் துருப்பிடிக்கிறது. யாரும் அவசரப்பட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

தஞ்சாவூர், ஓய்வு பெற்ற பொறியாளர்

அம்மா, ஷீட் மேல் குற்றமில்லை. ஒட்டிய மாதமும் ஒட்டிய இடமும் தவறு. நான் வேலையில் இருந்தபோது ஒரு சோதனை செய்யாமல் தீ பற்றவைக்க விடமாட்டேன். ஒன்றரை அடி சதுர பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஓர் இரவு விட வேண்டும். காலையில் தாளின் அடியில் முத்து முத்தாக நீர் நின்றாலோ, தரை கறுத்திருந்தாலோ ஷீட் போடக்கூடாது. டெல்டாவில் பங்குனி முதல் வைகாசி வரைதான் இதற்குத் தோதான காலம். ஷீட்டைச் சுவரில் அரை அடிக்குக் குறையாமல் ஏற்றி, சுவரில் காடி வெட்டி அதன் முனையை உள்ளே செருகிப் பூசியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் வாய் பிளக்கும்.

திருவையாறு

எங்கள் பாட்டி வீடு நாட்டு ஓடு. குரங்கு ஓடி ஓடு நகர்ந்து ஒழுகுகிறது. இந்தப் பூச்சை ஓட்டின் மேல் அடிக்கலாமா?

மன்னார்குடி, கொத்தனார்

வேண்டாம். அது சரிவுக் கூரை, தண்ணீர் நிற்காது. ஓடு மாற்றிச் சட்டத்தைப் பாருங்கள், போதும்.

திருவாரூர், கடைக்காரர்

எனக்கும் அதே மாதிரிதான், மழை விட்ட பிறகு சொட்டுகிறது. ஒருவர் வந்து, மேலே ஒன்றும் செய்ய வேண்டாம், உள்கூரையில் பூச்சு அடித்தால் நின்றுவிடும் என்கிறார். செலவும் குறைவு. தொட்டியில் பூசுவதும் உள்ளிருந்துதானே?

கும்பகோணம், வீட்டுக்காரர்

சொட்டுவது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் தண்ணீர் கான்கிரீட்டுக்குள்ளேயே நிற்கும், கம்பி துருப்பிடிக்கும். எங்கள் கிழக்கு மூலையில் பூச்சைத் தட்டியபோது கம்பி செதில் செதிலாக உரிந்தது. தொட்டியில் தண்ணீர் இருக்கும் பக்கமே பூசுகிறோம். உங்கள் கூரையில் தண்ணீர் இருப்பது எதிர்ப் பக்கம்.

நாங்கள் செய்ததை முழுதாகச் சொல்கிறேன். பங்குனியில் ஓடு, ஜல்லி எல்லாவற்றையும் கான்கிரீட் வரை எடுத்தோம். இடிபாட்டை நடுவில் குவிக்காமல் அன்றன்றே கீழே இறக்கினோம். சுவர்ப் பூச்சையும் சுற்றிலும் ஓரடி உயரம் கொத்தி எடுத்தோம். வெறும் கான்கிரீட்டில், மழைநீர்க் குழாயை அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீர் இரண்டு நாள் கட்டினோம். குழாயைச் சுற்றி அடியில் வட்டமாக ஈரம் தெரிந்தது. இத்தனை வருடம் யாரும் சந்தேகப்படாத இடம் அது. அங்கே கொத்தி, சுருங்காத கலவை வைத்து அடைத்தோம். துருப்பிடித்த கம்பியைத் தேய்த்து, துரு தடுப்பு அடித்துப் பூசினோம்.

அப்புறம் சுவரும் தளமும் சேரும் மூலையைக் கலவையால் வளைவாக உருட்டிவிட்டார் மேஸ்திரி. நேர்மூலையில் பூச்சு நூலாக வெடிக்குமாம். அதன் பிறகு அதே சிமென்ட் பூச்சு, ஆனால் இந்தத் தடவை கான்கிரீட்டின் மேல், சுவரிலும் ஓரடி ஏற்றி. தளத்தை நனைத்து, தேங்கின தண்ணீரைத் துடைத்துவிட்டு, காலையிலும் நாலு மணிக்கு மேலும் மட்டும் அடித்தார்கள். முதல் கோட் வடக்கு தெற்காக, மறுநாள் கிழக்கு மேற்காக. மூலையிலும் வெடிப்பிலும் நடுவே வலை. சுவரையும் சேர்த்து எழுநூறு சதுர அடிக்குச் சுமார் 120 கிலோ பிடித்தது. ஒருவர் இதையே 60 கிலோவில் முடிப்பதாகச் சொல்லியிருந்தார். மூட்டையை எண்ணிப் பாருங்கள், ஏமாறுவது அதில்தான்.

நாலு நாள் கழித்து மறுபடி தண்ணீர் கட்டினோம். 48 மணி நேரம், ஒரு பொட்டு ஈரமில்லை. அதற்குப் பிறகே அரை அங்குலக் காப்புக் கலவை, அதன் மேல் ஜல்லி சுண்ணாம்பு, தட்டோடு. இருபதடிக்கு இரண்டரை அங்குல வாட்டம் கொடுத்தோம். இரண்டு வடகிழக்குப் பருவமழை தாண்டிவிட்டது.

மாயவரத்துக்காரர்

பூச்சின் மேல் கட்டையால் அடித்தால் அது கிழியாதா?

கும்பகோணம், வீட்டுக்காரர்

அதற்குத்தான் அந்த அரை அங்குலக் கலவை. போதுமா என்பது இன்னும் ஐந்தாறு வருடம் கழித்துத்தான் தெரியும்.

தஞ்சாவூர், ஓய்வு பெற்ற பொறியாளர்

நானாக இருந்தால் பூச்சுக்குப் பதில் தார் ஷீட்டையே கான்கிரீட்டின் மேல் ஒட்டி, அதன் மேல் தளம் போட்டிருப்பேன். வெயில் படாததால் ஷீட் நீடிக்கும், கான்கிரீட் வெடிப்பையும் பூச்சைவிட நன்றாகத் தாங்கும்.

மன்னார்குடி, கொத்தனார்

ஐயா சொல்வதை நான் ஒப்பமாட்டேன். ஷீட்டில் ஓர் இணைப்பு விட்டுப்போனால், தண்ணீர் அடியில் எங்கெங்கோ ஓடி வேறிடத்தில் சொட்டும். தளத்தை முழுவதும் பெயர்க்காமல் கண்டுபிடிக்க முடியாது. பூச்சு கான்கிரீட்டோடு ஒட்டிக்கிடக்கும். பழுதான இடத்துக்கு நேர் கீழேதான் பெரும்பாலும் தெரியும்.

திருவாரூர், கடைக்காரர்

எங்கள் மாடித் தொட்டியும் அந்த மூலையில்தான் இருக்கிறது. தோண்டுவதற்கு முன் அது இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கும்பகோணம், வீட்டுக்காரர்

மழை இல்லாத வாரத்தில் தொட்டியைக் காலி செய்து நாலு நாள் விடுங்கள். ஈரம் வடிந்தால் தொட்டி அல்லது குழாய். மாறாமல் கிடந்தால் மூலையில் இரண்டடி தோண்டி ஜல்லியைக் கையில் எடுத்துப் பாருங்கள்.