பழைய போன்: பெட்டியில் ஒரு எண், போனில் வேறு எண். வாங்கலாமா?

கேட்டவர்: கல்லூரி மாணவன், பாளையங்கோட்டை

இணையத்தில் 5,500 ரூபாய்க்கு ஒரு பழைய போன் பார்த்தேன். விற்பவர் தம்மை ராணுவ வீரர் என்கிறார். மாற்றலாகிப் போவதால் 1,000 ரூபாய் முன்பணம் அனுப்பினால் கூரியரில் போட்டுவிடுவதாகச் சொல்கிறார். அடையாள அட்டையும், பெட்டியில் உள்ள ஐஎம்இஐ எண்ணின், அதாவது போனின் அடையாள எண்ணின், படமும் அனுப்பினார். அந்த எண்ணை எப்படிச் சோதிப்பது?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர்

பில் இருந்தால் போதும் தம்பி, தைரியமாக வாங்குங்கள்.

சர்வீஸ் கடைக்காரர், வண்ணாரப்பேட்டை

பில் நல்லதுதான், ஆனால் பில்லில் உள்ள எண்ணும் போனில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டுமே!

தம்பி, முன்பணம் அனுப்பாதீர்கள். ராணுவ அடையாள அட்டையைக் காட்டிக் கூரியர் பணம் கேட்பது பழகிய மோசடி. அந்த அட்டையே வேறு யாரிடமாவது வாங்கிய படமாக இருக்கும்.

எண்ணைச் சோதிக்க, இப்படி எழுதி 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள்:

```
KYM <15 இலக்க எண்>
```

நிறுவனமும் மாடலும் பதிலில் வரும். Black-listed, duplicate, already in use என்று வந்தால் விட்டுவிடுங்கள். ஒழுங்காக வந்தாலும் முழுதாக நம்ப முடியாது. நேற்று திருடுபோன போனுக்கு உரியவர் இன்னும் புகார் கொடுக்காவிட்டால், பதில் சுத்தமாகத்தான் வரும்.

மேலப்பாளையம் வாசகி

என் போன் போன மாதம் பஸ்ஸில் தொலைந்தது. இந்த எஸ்எம்எஸ் அனுப்பினால் அது எங்கே இருக்கிறது என்று தெரியுமா?

சர்வீஸ் கடைக்காரர்

தெரியாது அம்மா. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்த நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கக் கோருங்கள். பிறகு யாராவது அதில் சிம் போட்டால் போலீசாருக்குத் துப்புக் கிடைக்க வழியுண்டு.

மாணவன்

அண்ணா, பெட்டி எண்ணை அனுப்பினேன். வேறு நிறுவனத்தின் போன் என்று பதில் வந்தது. கேட்டதும் அவர் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

இப்போது பாளை பஸ் நிலையத்தில் நேரில் தர இன்னொருவர் சம்மதித்திருக்கிறார். போனில் *#06# அழுத்தி, திரையில் வந்த ஐஎம்இஐ எண்ணைப் படம் எடுத்து அனுப்பினார். அதைச் சோதித்தேன், மாடல் சரி. ஆனால் பெட்டி எண் வேறு. தம் அண்ணன் போனின் பெட்டியோடு மாறிவிட்டதாம்.

சர்வீஸ் கடைக்காரர்

ஒரே வீட்டில் இரண்டு போன் இருந்தால் அப்படி மாறுவதுண்டு. அப்படியானால் அண்ணன் போனையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள எண் அதில் இருக்க வேண்டும். இரண்டு சிம் போனில் இரண்டு எண் இருக்கும், இரண்டையும் பாருங்கள்.

பிறகு அவரே தம் கூகுள் கணக்கை நீக்கி, உங்கள் கண்முன் போனை ரீசெட் செய்யட்டும். மறுபடி இயங்கும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டால், அவருக்கு அது தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முகப்புத் திரை வந்து, உங்கள் சிம்மில் ஒரு அழைப்பு பேசிய பிறகே பணம்.

மாணவன்

அண்ணன் சென்னையில் இருக்கிறாராம். வீடியோ அழைப்பில் அவர் போனின் எண்ணைக் காட்டச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.