உதவி: ஆண்ட்ராய்டுக்கு மாறிய பிறகு அக்காவின் குறுஞ்செய்தி மட்டும் வருவதில்லை

பனிக்காற்று
ஐந்து ஆண்டுகள் ஐபோன் வைத்திருந்தேன், போன வாரம் ஆண்ட்ராய்டுக்கு மாறினேன். அன்றிலிருந்து அக்கா அனுப்பும் குறுஞ்செய்திகள் எனக்கு வருவதில்லை. அம்மாவின் மருத்துவமனைத் தேதியையும் அதில்தான் அனுப்பியிருக்கிறார். அவசரம், தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

தெற்குவாசல்
எண் பழையதா, புதியதா? நிறுவனத்தையும் மாற்றினீர்களா? எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோனால் முதல் சில நாட்கள் குறுஞ்செய்திகள் வழிதவறும். உங்களுக்கு நடந்ததும் நிச்சயம் அதுதான்.

மணல்வீடு
எனக்கும் ஆப்பிளின் இணையவழிச் செய்திச் சேவையான ஐமெசேஜால் தொல்லை உண்டு. அதை இயக்கும்போது ஐபோன் தானாகவே வெளிநாட்டு எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறது, அதற்குக் கட்டணமும் பிடிக்கிறார்கள். சிம்மில் போதிய பணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழையகம்பி
தம்பி, இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது, தேடிப் பார்த்துவிட்டு எழுதும் பழக்கம் வேண்டும். வங்கியின் ஓடிபி வருகிறதா? அக்காவிடம் எந்தப் போன்? பழைய ஐபோன் எங்கே? இவற்றைச் சொல்லாமல் யாரால் உதவ முடியும்?

பனிக்காற்று
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். டொரொண்டோவில் இருக்கிறேன். எண்ணும் நிறுவனமும் பழையவையே. ஓடிபி வருகிறது, ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் நண்பர்களின் செய்திகளும் வருகின்றன. ஐபோன் வைத்திருப்பவர்களின் செய்திகள் மட்டும் வருவதில்லை. பழைய ஐபோனை எல்லாவற்றையும் அழித்து விற்றுவிட்டேன். அக்காவின் திரையில் செய்தி நீல நிறத்தில் இருக்கிறதாம்.

நடுக்கோடு
ஓடிபி வருவதால் சிம்மிலும் நிறுவனத்திலும் கோளாறு இல்லை என்று தெரிகிறது. அக்காவின் ஐபோன் ஒரு செய்தியை அனுப்பும் முன், இந்த எண் ஐமெசேஜில் பதிவாகியிருக்கிறதா என்று ஆப்பிளின் சேவையகத்தில் கேட்டுக்கொள்கிறது. பதிவு இருந்தால் செய்தி இணையம் வழியாக நீலமாகப் போகும், இல்லாவிட்டால் சாதாரணக் குறுஞ்செய்தியாகப் பச்சையில் போகும். நீங்கள் சிம்மைக் கழற்றியதாலோ போனை விற்றதாலோ அந்தப் பதிவு உடனே நீங்குவதில்லை.

அக்காவிடம் ஒன்று கேளுங்கள்: நீலச் செய்திக்குக் கீழே “Delivered” என்று இருக்கிறதா?

தெற்குவாசல்
அக்காவின் போனில் “Send as Text Message” என்ற அமைப்பை இயக்கினால் தானாகவே குறுஞ்செய்தியாக மாறிவிடுமே?

நடுக்கோடு
ஐமெசேஜ் அனுப்ப முடியாதபோதுதான் அது உதவும். இங்கே எண் பதிவில் இருப்பதால் சேவையகம் செய்தியை வாங்கிக்கொள்கிறது. அக்காவின் போனைப் பொறுத்தவரை அனுப்புவதில் தவறு எதுவும் நேரவில்லை, ஆகவே அது மாற்று வழியைத் தேடாது. இப்போதைய அவசரத்துக்கு, செய்தியை அழுத்திப் பிடித்து அதைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் தேர்வு தோன்றினால் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

பழையகம்பி
குறுஞ்செய்திக்கு மாற்றான ஆர்சிஎஸ் வந்த பிறகு பச்சை என்றால் குறுஞ்செய்தி என்று சொல்வது பழைய கதை. நிறத்தை வைத்து விளக்கம் சொல்லாதீர்கள்.

நடுக்கோடு
ஐஓஎஸ் 18 முதல் ஆர்சிஎஸ்ஸும் பச்சைதான் என்பது உண்மை. எழுதும் பெட்டியில் SMS என்றோ RCS என்றோ இருப்பதைப் பார்த்துத்தான் பிரித்தறிய முடியும். ஆனால் இவருடைய செய்திகள் நீலத்திலேயே நிற்கின்றன.

பழையகம்பி
பொதுவாக ஒரு விதியைச் சொல்லும்போது முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து.

பனிக்காற்று
“Delivered” என்று இருக்கிறதாம். போனை விற்றுவிட்டேனே, யாரிடம் போய்ச் சேர்ந்தது?

நடுக்கோடு
பயப்பட வேண்டாம், அழித்த போனில் உங்கள் கணக்கு இராது. அந்தச் சொல் இருப்பதால், உங்கள் கணக்கோடு திறந்திருக்கும் இன்னொரு கருவி செய்தியை வாங்கியிருக்கிறது. வீட்டில் ஐபேடோ மேக்கோ இருக்கிறதா? முதலில் அதில் Messages செயலியைத் திறந்து பாருங்கள்.

பிறகு கீழுள்ள முகவரிக்குப் போய், நாட்டைத் தேர்ந்து உங்கள் எண்ணைக் கொடுங்கள். 6 இலக்கக் குறியீடு குறுஞ்செய்தியாக வரும், அதை அங்கே இட்டால் எண்ணின் பதிவு நீங்கும்.

```
selfsolve.apple.com/deregister-imessage
```

மற்றவர்களின் ஐபோன்கள் இதை உணரச் சில மணிநேரம் ஆகலாம். விற்கும் முன்பே பழைய போனில் ஐமெசேஜை அணைத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அடுத்து மாறுபவர்கள் சிம்மைக் கழற்றும் முன் அதைச் செய்துவிடுங்கள்.

பனிக்காற்று
மகள் படம் வரையும் ஐபேடில் 14 செய்திகள் இருந்தன. அறிவிப்புகளை நானே அணைத்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மருத்துவமனைத் தேதி நாளை மறுநாள்தான். பதிவை நீக்கிவிட்டேன், அக்காவின் செய்தி பச்சையில் வந்துவிட்டது. மிக்க நன்றி. ஆனால் எங்கள் நால்வர் குழுவில் எழுதுவது எதுவும் இன்னும் வரவில்லை.

நடுக்கோடு
அந்தக் குழு ஐமெசேஜ் குழுவாகத் தொடங்கப்பட்டது. தனிச் செய்திகள் சரியான பிறகும் பழைய குழு உரையாடல் அப்படியே தொடரக்கூடும். அக்காவையே உங்கள் எண்ணைச் சேர்த்துப் புதிய குழுவைத் தொடங்கச் சொல்லுங்கள், மற்றவர்கள் பழையதை அழித்துவிட்டால் தவறிப்போய் அதில் எழுத மாட்டார்கள். குழுவில் உங்களை எண்ணால் சேர்த்திருந்தார்களா, மின்னஞ்சலால் சேர்த்திருந்தார்களா? மின்னஞ்சல் என்றால், எண்ணின் பதிவை நீக்கிய பிறகும் அந்தச் செய்திகள் ஐபேடுக்கே போகும்.

மணல்வீடு
எனக்கும் இதே ஐயம். மின்னஞ்சல் முகவரியை எங்கே நீக்குவது?

நடுக்கோடு
ஐபேடில் Messages அமைப்புகளுக்குள் “Send & Receive” என்பதில் அந்த முகவரியின் தேர்வை எடுத்துவிடுங்கள். பனிக்காற்று, குழுவின் விவரத்தைச் சொன்னால் மேலே பார்க்கலாம்.