முதன்முறையாக லென்ஸ் அணிவோருக்கு ஒருநாள் வகையா, மாத வகையா? திருகோணமலை அன்பர்களின் அனுபவப் பகிர்வு

உப்புவெளி ஆசிரியை:
கிழமை நாட்களில் பாடசாலைக்கு மூக்குக்கண்ணாடியுடனே செல்கிறேன். சனி, ஞாயிறு தினங்களில் பரதநாட்டியம் கற்பிக்கும்போது கண்ணாடி வழுக்குவதால், அந்த இரண்டு நாட்களுக்கு மட்டும் மென்லென்ஸ் அணியத் தொடங்கினேன். இரு கண்களுக்கும் பவர் மைனஸ் 3.25. கண் பரிசோதகர் இரு வகைகளையும் காட்டி, என்னை ஒருநாள் வகையையே எடுக்கச் சொன்னார். மாதத்தில் ஏறக்குறைய எட்டு நாட்கள் அணிவதற்கு 16 லென்ஸ்கள் போதும். இரு கண்களுக்கும் ஒரே பவர் என்பதால், 30 லென்ஸ்கள் கொண்ட ஒரு பெட்டி எனக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு வருகிறது. இரவில் கழற்றியதும் எறிந்துவிடுவதால் லென்ஸைக் கழுவி ஊறவைக்கும் கரைசலும் வேண்டாம், ஊறவைக்கும் பெட்டியைக் கழுவும் வேலையும் இல்லை.

ஆனால் பழகும் நாட்களில் அதன் மென்மையே சிரமம் தந்தது. விரல் நுனியில் சிறிது ஈரம் இருந்தாலும் அது மடிந்து ஒட்டிக்கொள்ளும். விரலை நன்கு உலர்த்தி, லென்ஸை அதன் நுனியில் நிறுத்தி, கண்மட்டத்தில் பக்கவாட்டாகப் பார்க்க வேண்டும். விளிம்பு கிண்ணம்போல நேராக மேலெழுந்தால் சரியான பக்கம். வெளிப்புறமாக விரிந்து நின்றால் அது புரண்டிருக்கிறது.

நிலாவெளி ஹோட்டல் ஊழியர்:
அக்கா, உங்களைப் போன்றவர்களுக்கு மாத வகையே இலாபம் என்பது என் கருத்து. மாத லென்ஸை 30 தடவைகள் அணியலாம் அல்லவா? கிழமைக்கு இரண்டு நாட்கள் என்றால் ஒரு சோடி மூன்று மாதங்களுக்கு மேல் உழைக்கும். நான் தினமும் அணிகிறேன், ஆகையால் எனக்கு மாதமொரு சோடி போதும். கரைசல் தீர்ந்த நாட்களில் கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பாவிக்கிறேன், இதுவரை ஒன்றும் நடக்கவில்லை.

கண்ணாடிக் கடையில் நெடுநாள் பணியாற்றியவர்:
தினமும் அணியும் தம்பிக்கு மாத வகை பொருந்துகிறது என்பது சரி. ஆனால் அந்த 30 என்பது தடவைக் கணக்கல்ல. பொதியைத் திறந்த நாளிலிருந்து, அணிந்தாலும் அணியாவிட்டாலும், நாட்கள் ஓடுகின்றன. எட்டே நாட்கள் அணியும் ஆசிரியையும் மாத முடிவில் அந்தச் சோடியை எறியத்தான் வேண்டும். இடைப்பட்ட நாட்களிலெல்லாம் அது பெட்டிக்குள் கிடக்கும்.

தண்ணீர் விடயத்தைக் கவனமாகக் கேளுங்கள். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் அகந்தமீபா என்னும் நுண்ணுயிர் இருக்கலாம். அது கருவிழியைத் தாக்கினால் குணப்படுத்த மாதக்கணக்கில் ஆகும், பார்வையும் போகலாம். கொதித்து ஆறிய நீரும் கரைசலுக்கு ஈடாகாது. அதற்குக் கிருமிகளைத் தொடர்ந்து தடுக்கும் ஆற்றல் இல்லை. தவிர, உப்பற்ற நீரில் மென்லென்ஸ் ஊதி, வடிவம் மாறிக் கண்ணில் இறுகும். ஒவ்வோர் இரவும் உள்ளங்கையில் லென்ஸை வைத்துக் கரைசல் விட்டுத் தேய்த்து அலசி, பெட்டியில் புதுக் கரைசலை நிரப்புங்கள். பழையதன்மேல் ஊற்றக் கூடாது. காலையில் பெட்டியைக் கரைசலாலேயே அலசிக் கவிழ்த்து உலரவிடுங்கள், மூன்று மாதங்களுக்குள் அதை மாற்றுங்கள். இவற்றைத் தவறாமல் செய்பவருக்கே மாத வகை ஏற்றது. கடலில் இறங்கும் நாட்களில் எந்த லென்ஸும் வேண்டாம்.

மூதூர் அன்பர்:
எனக்கு வயது 47. வாசிக்கும்போது மட்டும் எழுத்து மங்குகிறது. அதற்கு ஒருநாள் வகை நல்லதா, மாத வகை நல்லதா?

கண்ணாடிக் கடையில் நெடுநாள் பணியாற்றியவர்:
ஐயா, உங்களுடையது வேறு கேள்வி. வெள்ளெழுத்துக்கு, தூரமும் கிட்டவும் தெரியச் செய்யும் பல்குவிய லென்ஸ்கள் இரு வகையிலும் உண்டு. ஆனால் தூரப் பார்வை தெளிவாக இருப்பவருக்கு வாசிப்புக் கண்ணாடியே எளிது. கண்ணாடிச் சீட்டை மட்டும் வைத்து எவரும் லென்ஸ் வாங்க வேண்டாம். கருவிழியின் வளைவையும் அளந்து பொருத்திப் பார்க்க வேண்டும். கண்ணாடியின் பவர் 4க்கு மேற்பட்டால் லென்ஸின் எண்ணும் பெரும்பாலும் அதிலிருந்து மாறும்.

நிலாவெளி ஹோட்டல் ஊழியர்:
கிணற்று நீரை இன்றோடு நிறுத்துகிறேன், அண்ணா. இடது கண் சில நாட்களாகச் சிவந்திருக்கிறது. வெயிலைப் பார்த்தால் கூசுகிறது. தூசி என்று எண்ணியிருந்தேன்.

கண்ணாடிக் கடையில் நெடுநாள் பணியாற்றியவர்:
இப்பொழுதே இரண்டு லென்ஸ்களையும் கழற்றுங்கள், இன்றே கண் வைத்தியரிடம் செல்லுங்கள். லென்ஸையும் பெட்டியையும் எறியாமல் கையோடு கொண்டுசெல்லுங்கள், பரிசோதனைக்கு உதவலாம். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

உப்புவெளி ஆசிரியை:
தம்பி, வைத்தியர் சொன்னதை இங்கே எழுதுங்கள். எனக்கும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிற்பகலானதும் லென்ஸ் உலர்ந்து உறுத்துகிறது. லென்ஸுக்கு ஏற்ற ஈரச்சொட்டு சிறிது நேரமே உதவுகிறது. வேறு மூலப்பொருளில் செய்த ஒருநாள் லென்ஸுக்கு மாறியவர்கள் இருந்தால், காற்றுக் காலத்தில் அது எப்படியிருந்தது என்று கூறுங்கள்.