மறு: பெயரெச்ச அடுக்கைப் பிரித்தெழுதுவதற்கு ஒரு கலைச்சொல்

கயல்விழி:

அனைவருக்கும் வணக்கம்.

அறிவிப்புகளை எளிய தமிழில் திருத்தி எழுதுவோருக்கான நடைக் கையேட்டில் ஓர் இயலுக்குத் தலைப்பு வேண்டும். பெயரெச்சங்களை வரிசையாக அடுக்கிக் கட்டிய நீண்ட வாக்கியத்தைப் பொருள் மாறாமல் சிறு வாக்கியங்களாக்கும் வேலைக்கு என்ன பெயர் வைக்கலாம்? இப்போதைக்கு 'வாக்கிய உடைப்பு' என்று போட்டிருக்கிறேன். ஆனால் 'உடைப்பு' என்றதும் ஏரிக்கரைதான் கண்முன் வருகிறது.

எடுத்துக்காட்டுக்காக நானே கட்டிய வாக்கியம் இது:

> ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு மிகாத, இரண்டு ஏக்கருக்குக் குறைவான நிலம் வைத்திருக்கும் குடும்பங்களைச் சேர்ந்த, அரசுப் பள்ளியில் படித்து 12ஆம் வகுப்பில் தேர்ச்சி பெற்ற, வேறு உதவித்தொகை பெறாத மாணவர்கள், வட்டாட்சியர் வழங்கிய, ஆறு மாதத்திற்கு மேற்படாத வருமானச் சான்றிதழை இணைத்து அனுப்பும் விண்ணப்பங்கள் மட்டுமே பரிசீலிக்கப்படும்.

செந்தில்:

புதுச்சொல் எதற்குங்க? கலவை வாக்கியத்தைத் தனி வாக்கியங்களாக மாற்றுவது பள்ளி இலக்கணத்திலேயே இருக்கிறது. எச்சத்தை வினைமுற்றாக்க வேண்டும், அது தழுவும் பெயரை முன்னால் கொண்டுவந்து எழுவாயாக வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை:

> மாணவர்கள் அரசுப் பள்ளியில் படித்தார்கள். 12ஆம் வகுப்பில் தேர்ச்சி பெற்றார்கள். அவர்கள் வேறு உதவித்தொகை பெறவில்லை. அவர்களுடைய விண்ணப்பங்கள் மட்டுமே பரிசீலிக்கப்படும்.

பெயர் கட்டாயம் வேண்டும் என்றால் 'முற்றாக்கம்' என்று வைக்கலாம். எச்சம் முற்றாகிறது, வேறென்ன?

இராமலிங்கம்:

தம்பி செந்தில், 'முற்றாக்கம்' நல்ல சொல். எச்சம், முற்று என்ற பழைய இணையிலிருந்து வந்திருக்கிறது. ஆனால் அது இந்த வேலையில் ஒரு பகுதிக்குத்தான் பொருந்தும். காரணம் உங்கள் நான்கு வாக்கியங்களிலேயே இருக்கிறது. மூல வாக்கியம் நிபந்தனை சொல்கிறது, நீங்கள் எழுதியதோ செய்தி சொல்கிறது. 'மாணவர்கள் தேர்ச்சி பெற்றார்கள்' என்று படிப்பவர் எந்த மாணவர்கள், எப்போது என்றுதான் கேட்பார். தான் தகுதியானவரா என்று அவருக்குத் தெரியாது.

அடைமொழியில் இனம் உள்ளதும் உண்டு, இனம் இல்லாததும் உண்டு என்று நன்னூல் பிரிக்கிறது. செந்தாமரை என்றால் வெண்டாமரையும் இருக்கிறது, ஆகவே 'செம்மை' ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. செஞ்ஞாயிறு என்றால் வேறு நிற ஞாயிறு கிடையாது, அங்கே அடை வெறும் விவரிப்பு. பெயரெச்சமும் பெயருக்கு அடையாக நிற்பதுதானே, இதே சோதனையை அதற்கும் வைக்கலாம். 'குடகு மலையில் தோன்றும் காவிரி பூம்புகார் அருகே கடலில் கலக்கிறது' என்ற வாக்கியத்தை அஞ்சாமல் இரண்டாக்கலாம்: 'காவிரி குடகு மலையில் தோன்றுகிறது. அது பூம்புகார் அருகே கடலில் கலக்கிறது.' வேறொரு காவிரியை விலக்குவதற்காக அந்த எச்சம் வரவில்லை. 'வேறு உதவித்தொகை பெறாத மாணவர்' அப்படியன்று. பெறுகிற மாணவரும் இருக்கிறார், அவரை வெளியே நிறுத்தத்தான் அந்த எச்சம் வந்திருக்கிறது. அதை வெறும் முற்றாக்கினால் வேலி போய்விடும். 'வேண்டும்', 'கூடாது', 'ஆல்' போன்ற வடிவில் நிபந்தனையாகவே வைக்க வேண்டும். முதல் வகையை இனஞ்சுட்டா எச்சம், இரண்டாவதை இனஞ்சுட்டும் எச்சம் என்று கையேட்டில் எழுதலாம் என்பது என் கருத்து.

இன்னொன்று, தழுவும் பெயர் எப்போதும் எழுவாயாகாது. 'வட்டாட்சியர் வழங்கிய சான்றிதழ்' என்பதில் சான்றிதழ் செயப்படுபொருள். உங்கள் விதிப்படி எழுதினால் 'சான்றிதழ் வழங்கியது' என்று வந்துவிடும்! பெயரெச்சம் வேற்றுமை உருபை விழுங்கிவிடும், பிரிக்கும்போது அதை மீட்டுத் தர வேண்டும்.

ஜெசிந்தா (மட்டக்களப்பு):

வணக்கம். வாக்கியம் 15 சொல்லைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு வைக்கும் இயல் என்றுதான் முதலில் நினைத்தேன். கேள்வி அதுவல்ல என்று ஐயாவின் மடலைப் பார்த்த பிறகு விளங்கியது. ஆனாலும் என்னுடைய வேலையில் வருகிற ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். சுகாதாரத் துண்டுப் பிரசுரங்களில் இப்படி எழுதி வரும்:

> காய்ச்சல் உள்ள, வயிற்றோட்டம் உள்ள பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டாம்.

இரண்டும் சேர்ந்திருக்கிற பிள்ளையா, ஏதாவது ஒன்று உள்ள பிள்ளையா? அடுக்காக வாசித்தால் இரண்டும் இருக்கிற பிள்ளை என்றுதான் வரும். எழுதியவர் நினைத்தது மற்றது. இதைப் பிரிக்கும்போது 'காய்ச்சல் இருந்தாலும் அனுப்ப வேண்டாம், வயிற்றோட்டம் இருந்தாலும் அனுப்ப வேண்டாம்' என்று எழுதுவதா, 'இரண்டில் ஒன்று இருந்தாலே' என்று எழுதுவதா?

இராமலிங்கம்:

அம்மா, மிக அவசியமான கேள்வி. எச்சங்களுக்கு நடுவில் இருக்கும் காற்புள்ளி 'உம்' என்றும் சொல்லாது, 'அல்லது' என்றும் சொல்லாது. பிரிப்பவர்தான் முடிவு செய்து எழுத வேண்டும். உங்கள் வாக்கியத்துக்கு 'இரண்டில் ஒன்று இருந்தாலே' என்பதுதான் சரி. இரண்டு 'ஆலும்' வாக்கியங்களும் பிழையல்ல, ஆனால் மூன்றாவது அறிகுறி சேர்ந்தால் நீண்டுகொண்டே போகும்.

கயல்விழி, உங்கள் வாக்கியத்தைப் பிரிக்கும் வரிசையைச் சொல்கிறேன். முதல் சொல்லிலிருந்து தொடங்கினால் சிக்கிக்கொள்வோம், கடைசியிலிருந்து வர வேண்டும். முற்று 'பரிசீலிக்கப்படும்'. அதற்கு எழுவாய் 'விண்ணப்பங்கள்', கூடவே 'மட்டுமே'. அதுதான் வாக்கியத்தின் முதுகெலும்பு, ஆகவே முதல் வாக்கியமாக அதையே எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு எச்சமும் எந்தப் பெயரைக் கொண்டு முடிகிறது என்று பாருங்கள். 'அனுப்பும்' விண்ணப்பத்தோடு முடிகிறது. 'வழங்கிய', 'மேற்படாத' இரண்டும் சான்றிதழுக்கு. 'சேர்ந்த', 'பெற்ற', 'பெறாத' மூன்றும் மாணவருக்கு. 'மிகாத', 'வைத்திருக்கும்' இரண்டும் குடும்பத்துக்கு. ஆக, எட்டு எச்சம், நான்கு பெயர் ('குறைவான' நிலத்தோடு ஒட்டியே இருக்கட்டும்). உரைகாரர்கள் 'கொண்டு முடியும்' என்பார்கள், அதனால் இந்தப் பெயரை முடிபெயர் என்று அழைக்கலாம். ஒரு முடிபெயருக்கு உரியதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் 'அவர்', 'அது' குழம்பாது.

இந்த இடத்தில்தான் 'மிகாத' வழுக்கும். எழுதியவர் குடும்ப வருமானத்தைத்தான் நினைத்திருப்பார். ஆனால் காற்புள்ளியைத் தாண்டி 'மாணவர்கள்' வரை அதை இழுத்துக்கொண்டு போகவும் முடியும். மாணவருக்குத் தனி வருமானம் இருந்தால் பொருள் மாறிவிடும்.

எதிர்மறை எச்சத்தில் இன்னும் கவனம் வேண்டும். 'பெற்ற, பெறுகிற, பெறும்' காலம் காட்டும், 'பெறாத' காட்டாது. முற்றாக்கும்போது காலம் தேவைப்படும். இதுவரை பெற்றதே இல்லை என்பதா, இப்போது பெறவில்லை என்பதா, இந்த ஆண்டு பெறக் கூடாது என்பதா? பத்தாம் வகுப்பில் ஒருமுறை உதவித்தொகை வாங்கிய பிள்ளை முதல் பொருளில் தள்ளுபடி, இரண்டாவதில் தகுதி. 'பெறாதவராக இருக்க வேண்டும்' என்று எழுதி நழுவுவது சிறு வாக்கியமாகத் தெரியும், குழப்பம் அப்படியே இருக்கும்.

கயல்விழி:

நன்றி ஐயா. என் வாக்கியம் என்பதால், 'இப்போது பெறக் கூடாது' என்பதே நான் நினைத்தது. திருத்திய வடிவம்:

> கீழே உள்ள எல்லா நிபந்தனைகளும் நிறைவேறினால் மட்டுமே விண்ணப்பம் பரிசீலிக்கப்படும். மாணவர் அரசுப் பள்ளியில் படித்து 12ஆம் வகுப்பில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். அவர் இப்போது வேறு உதவித்தொகை எதுவும் பெறக் கூடாது. அவருடைய குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு மிகக் கூடாது. குடும்பத்தின் நிலம் இரண்டு ஏக்கருக்குக் குறைவாக இருக்க வேண்டும். வட்டாட்சியர் வழங்கிய வருமானச் சான்றிதழை விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டும். அதை வழங்கி ஆறு மாதத்திற்கு மேல் ஆகியிருக்கக் கூடாது.

'வட்டாட்சியர் வழங்கிய' என்ற எச்சத்தைப் பிரிக்காமல் விட்டது தெரிந்தேதான். ஒரே எச்சம் பெயரை ஒட்டி நின்றால் யாருக்கும் சிரமமில்லை. அதையும் பிரித்தால் 'சான்றிதழை இணைக்க வேண்டும். அதை வட்டாட்சியர் வழங்கியிருக்க வேண்டும்' என்று பாலர் பாடமாகிவிடும். 'மிகக் கூடாது', 'குறைவாக' இரண்டையும் ஒரே வாய்பாட்டுக்குக் கொண்டுவரவில்லை. வருமானம் சரியாக 2,50,000 இருந்தால் தகுதி உண்டு, நிலம் சரியாக இரண்டு ஏக்கர் இருந்தால் இல்லை.

செந்தில்:

நிபந்தனை விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் திருத்தத்திலும் ஒன்று மாறிவிட்டதே! மூலத்தில் 'நிலம் வைத்திருக்கும் குடும்பம்'. நிலமே இல்லாத கூலிக் குடும்பம் அதில் சேராது. 'குடும்பத்தின் நிலம் இரண்டு ஏக்கருக்குக் குறைவாக இருக்க வேண்டும்' என்றால் நிலமில்லாதவரும் தமக்குத் தகுதி உண்டு என்றுதான் எடுத்துக்கொள்வார். 'வைத்திருக்கும்' என்ற எச்சம் விழுந்ததில் ஒரு நிபந்தனை காணாமல் போய்விட்டது.

கயல்விழி:

சரியாகப் பிடித்தீர்கள் அண்ணா. ஆனால் உண்மையான அறிவிப்பாக இருந்தால் இதில் எதைச் செய்வது? 'குடும்பத்துக்கு நிலம் இருக்க வேண்டும். அது இரண்டு ஏக்கருக்குக் குறைவாக இருக்க வேண்டும்' என்றால் மூலத்துக்கு நேர்மை. ஆனால் ஏழைகளுக்கான உதவியில் நிலமற்றவரை விலக்க நினைத்திருப்பார்களா என்பது சந்தேகம்.

இராமலிங்கம்:

திருத்துபவர் அதைத் தீர்க்கக் கூடாது. மூலத்தில் உள்ளபடி பிரித்து எழுதி, ஓரத்தில் கேள்வியாகக் குறித்து, அறிவிப்பை வெளியிடும் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். நீண்ட வாக்கியத்தில் ஒளிந்திருந்த கேள்வி பிரித்ததும் வெளியே வருகிறது. 'அரசுப் பள்ளியில் படித்து' என்பதும் அப்படித்தான். எந்த வகுப்பு முதல் என்று யார் சொல்வது?

பெயருக்கு வருகிறேன். வினையெச்சங்கள் தொடர்ந்து வருவதைத் தொல்காப்பியம் 'அடுக்குந வரினும்' என்கிறது, ஆகவே 'அடுக்கு' நம் சொல்லே. அடுக்கியதை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் பெயரோடு சேர்ப்பதால் அடுக்கவிழ்ப்பு என்று வைக்கலாம். முற்றாக்கம் அதற்குள் ஒரு படியாக இருக்கட்டும். செந்திலின் சொல்லும் வீணாகாது.

ஜெசிந்தா:

'அடுக்கவிழ்ப்பு' என்பதைச் சேர்த்து எழுதினால் முதல் பார்வையில் 'கவிழ்ப்பு' என்றுதான் கண்ணில் படுகிறது, ஐயா. படகு கவிழ்ந்ததுபோல. 'அடுக்குப் பிரிப்பு' போதாதா? எங்கள் பக்கத்து மொழிபெயர்ப்பாளர்களுக்கும் சட்டென்று விளங்கும்.

செந்தில்:

'பிரிப்பு' என்றால் சந்தி பிரிப்பு, சொல் பிரிப்பு என்று ஏற்கெனவே வரிசை நிற்கிறது. கணினிக்காரர்கள் எழுத்துப்பிழை திருத்தி என்று நினைத்துக்கொள்வார்கள். என் வாக்கு இன்னும் முற்றாக்கத்துக்கே.

கயல்விழி:

இயல் தலைப்பை 'எச்ச அடுக்கைப் பிரித்தெழுதுதல்' என்று வினையாகவே வைத்துவிட்டு, முடிபெயர், முற்றாக்கம், இனஞ்சுட்டும் எச்சம் மூன்றையும் உள்ளே பயன்படுத்துகிறேன். பெயர்ச்சொல் வடிவம் அடுத்த பதிப்புவரை காத்திருக்கலாம். ஜெசிந்தா அக்கா, உங்கள் காய்ச்சல் வாக்கியத்தை இரண்டாவது எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாமா? அதில் 'வயிற்றோட்டம்' அப்படியே இருக்கட்டும், அடிக்குறிப்பில் 'வயிற்றுப்போக்கு' என்று போட்டுக்கொள்கிறேன்.