பாரோட்ராமாவுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
வணக்கம். பள்ளிகளுக்கான சளி, தும்மல் பற்றிய துண்டறிக்கையை வெள்ளிக்கிழமை அச்சுக்குத் தர வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு தும்முவதாலும் பலமாகச் சிந்துவதாலும் காதுக்கு நேரும் கேட்டை மூல அறிக்கை பாரோட்ராமா என்கிறது. ‘அழுத்தக் காயம்’ என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் அதைப் படுக்கைப்புண் என்று புரிந்துகொண்டார்.

புலவர்:
வள்ளுவர் வழி காட்டியிருக்கிறார். ‘தும்முச் செறுப்ப அழுதாள்’ (1318) என்பதில் செறுத்தல் அடக்குதலே. செறு, செறி, சிறை மூன்றும் ஓரினம் என்பது என் துணிபு. ஆகவே செயலைத் ‘தும்முச்செறுப்பு’ என்றும் அதன் விளைவைச் ‘செறுப்பூறு’ என்றும் வழங்கலாம்.

காது மூக்குத் தொண்டை மருத்துவர்:
அழகான சொல்தான், ஐயா. ஆனால் அதில் சிந்துதல் விடுபட்டுப்போகிறது. 2000இல் வெளியான ஓர் ஆய்வில், இயல்பாகத் தும்மும்போது மூக்கினுள் சராசரியாக 5 மி.மீ. பாதரச அளவுக்கும் குறைவான அழுத்தமே எழுந்தது; மூக்கைச் சிந்தியபோதோ அது 66ஐத் தொட்டது. துளைகளை நெரித்துக்கொண்டு ஊதுவதால் வெளியேற வழியில்லாத காற்று, மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் குழலுக்குள் சளியோடு ஏறக்கூடும். குழந்தைகளுக்கு அக்குழல் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருக்கிறது. தும்மலை அடக்கினாலும் காற்று இப்படித்தான் சிறைப்படுகிறது. 2018இல் பதிவான லெஸ்டர் நகர நிகழ்வில், மூக்கையும் வாயையும் மூடித் தும்மலை அடக்கிய 34 வயதுக்காரருக்குக் காது தப்பித்தது, தொண்டை கிழிந்தது. கழுத்துத் தசைக்குள் காற்றுப் புகுந்து, ஒரு வாரம் குழாய்வழியே உணவு கொடுத்தார்கள். ஆகவே சொல்லில் காதை மட்டும் கட்டிவைக்க வேண்டாம்.

வங்கி ஓய்வூதியர்:
விமானம் இறங்கும்போது மூக்கைப் பிடித்து ஊதித்தான் என் காதடைப்பை நீக்கிக்கொள்கிறேன். அதையும் கேடு என்று எழுதப்போகிறீர்களா?

மருத்துவர்:
இல்லை. அங்கே நடுச்செவியில் காற்று குறைந்திருப்பதால் மெல்ல ஊதி நிரப்புகிறீர்கள். சளி பிடித்திருக்கும்போதும் பலமாகவும் அதைச் செய்ய வேண்டாம். எச்சிலை விழுங்கினாலே பலருக்குக் குழல் திறந்துவிடும்.

ஆசிரியை:
என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ‘செறுப்பூறு’ என்பதைச் செருப்போடு சேர்த்துத்தான் படிப்பார்கள். ‘காற்றழுத்தக் காயம்’ என்றால் நடந்தது என்னவென்று அவர்களுக்கே விளங்கும். கீழே ‘ஒரு துளையை மூடி மறுதுளை வழியே மெல்லச் சிந்துக, தும்மலை அடக்காமல் கைக்குட்டையில் தும்முக’ என்று சேருங்கள்.

புலவர்:
காற்று பகையன்று, அடைப்பதே பகை. அடைத்தலைச் சுட்டாத சொல்லில் காரணம் இல்லை. என் மறுப்பைப் பதிந்துகொள்க.

மொழிபெயர்ப்பாளர்:
ஆசிரியை ‘காற்றழுத்தக் காயம்’ என்கிறார். அச்சுக்கு அதையே தருகிறேன். காயம் என்றால் சிலருக்கு உடம்பு, சிலருக்குப் பெருங்காயம் என்று தனிமடலில் ஒருவர் தொடங்கியிருக்கிறார். அவருக்குச் சனிக்கிழமை பதில் எழுதுகிறேன்.