ஐசியுலயும் வார்டுலயும் மாறி மாறி வேலை, சவுதி சிவில இத எப்படி எழுதறது?

கொழிஞ்சாம்பாறை நர்ஸ்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் பிஎஸ்சி நர்ஸிங் கோயம்புத்தூர்ல முடிச்சேன், தமிழ்நாடு கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கு, பாலக்காட்டுல வேலைக்கு சேர்ந்த அப்புறம் கேரளா கவுன்சில்லயும் எடுத்துட்டேன். 150 பெட் ஆஸ்பத்திரி, 4 வருஷம் ஆச்சு, முதல் 2 வருஷம் மெடிக்கல் வார்டு, அப்புறம் ஐசியு, ஆனா ஆள் கம்மியான அன்னிக்கு திருப்பி வார்டுக்கே தள்ளிவிட்டுடறாங்க. சவுதில ஐசியு போஸ்ட்டுக்கு சிவி குடுத்தா ரெக்ரூட்டர் "எந்த யூனிட், எத்தன பேஷன்ட், ஒண்ணும் புரியல"னு திருப்பி அனுப்பிட்டாங்க. நான் எழுதினது "ஐசியு மற்றும் வார்டில் 4 வருட அனுபவம், நோயாளிகளுக்கு மருந்து, ஐவி, வென்டிலேட்டர், இன்டுபேஷன் செய்வேன்". இதுல என்ன மாத்தணும்?

செங்கோட்டை தம்பி:
அக்கா 4 வருஷமும் ஐசியுனே போட்டுருங்க, ரேஷியோ ஒண்ணுக்கு ஒண்ணுனு போட்டா இன்னும் வெயிட்டா தெரியும். யூனிட் முதல் வரிலயே வரணும், அது மட்டும் கரெக்ட்டா பண்ணுங்க.

ரியாத் அக்கா:
தம்பி, யூனிட் முதல்ல வரணும்னு சொன்னது சரி, மத்தது வேண்டாம்ப்பா. சவுதிக்கு டேட்டாஃப்ளோ வெரிஃபிகேஷன் உண்டு, நம்ம எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர ஆஸ்பத்திரிக்கே அனுப்பி உண்மையானு கேப்பாங்க. லெட்டர்ல ஒரு தேதி, சிவில வேற தேதினு இருந்தா அங்கயே மாட்டிக்கும்.

தங்கச்சி, 4 வருஷத்த ஒரே வரில அடைக்காம ரெண்டா பிரிச்சு எழுதுங்க. முதல்ல ஐசியு: எந்த மாசத்துல இருந்து, யூனிட்ல எத்தன பெட், அதுல எத்தன வென்டிலேட்டர், ஒரு ஷிஃப்ட்ல உங்க கைல எத்தன பேர், என்ன மாதிரி கேஸ். அடுத்து அதே மாதிரி மெடிக்கல் வார்டு. ஆள் கம்மியானா வார்டுக்கு போறத ஐசியு வரிக்கு கீழ "தேவைப்படும்போது வார்டுக்கும் அனுப்பப்படுவேன்"னு ஒரு வரியா போட்டுருங்க, அது ஒண்ணும் குறை இல்ல.

அந்த இன்டுபேஷன் வார்த்தைய உடனே எடுங்க. ட்யூப் போடறது டாக்டர், நம்ம உதவி பண்றோம், "செய்வேன்"னு பார்த்தாலே இன்டர்வியூ எடுக்கற நர்ஸுக்கு சந்தேகம் வந்துரும். எதுக்கு உதவினீங்க, எத தனியா பண்ணீங்கன்னு பிரிச்சுக் காட்டுங்க.

சித்தூர் சகோதரி:
நான் ஆந்திரா சித்தூர்ல டயாலிசிஸ் யூனிட்ல இருக்கேன், எனக்கு யூகே போகணும், ஓஇடில ரைட்டிங் மட்டும் சி பிளஸ் வந்திருக்கு, மத்ததெல்லாம் பி. உங்களுக்கும் ஓஇடி தான கேட்டாங்க?

ரியாத் அக்கா:
அவங்க கேக்கறது சவுதிக்கும்மா, அதுக்கு ப்ரோமெட்ரிக் தான் எழுதணும். யூகே என்எம்சிக்கு ரைட்டிங்ல மட்டும் சி பிளஸ் ஏத்துக்குவாங்க, நீங்க சிபிடிக்கு படிக்க ஆரம்பிச்சுருங்க.

கொழிஞ்சாம்பாறை நர்ஸ்:
ரொம்ப நன்றிக்கா. மாத்தி எழுதினேன், சிவி இங்கிலீஷ்ல தான் இருக்கு, அர்த்தம் மட்டும் சொல்றேன்: "மல்டி ஸ்பெஷாலிட்டி ஐசியு, 10 பெட், 4 வென்டிலேட்டர். ஒரு ஷிஃப்ட்டில் 2 நோயாளிகள், ஆள் குறைந்த இரவில் 3. செப்சிஸ், சிஓபிடி, விஷம் குடித்தவர்கள். தனியாகச் செய்வது: ஆர்டீரியல் லைனிலிருந்து ஏபிஜி எடுப்பது, ட்யூபில் சக்‌ஷன், இனோட்ரோப் இன்ஃபியூஷன். உதவுவது: இன்டுபேஷன், சென்ட்ரல் லைன். மெடிக்கல் வார்டு, 30 பெட், பகலில் 8, இரவில் 12 பேர். பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் உண்டு."

ரியாத் அக்கா:
இப்ப உங்க வேலை கண்ணுக்கு தெரியுது. பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் எந்த மாசம் முடியுதுன்னும் போடுங்க, ரெண்டு வருஷம் தான செல்லும். ரெண்டு கவுன்சில் நம்பரும் மேலயே வரட்டும்.

ஒண்ணு சொல்றேன், இனோட்ரோப்னு எழுதிட்டா கேள்வி அங்க இருந்து தான் வரும். நார்அட் 4 மில்லிகிராம 50 எம்எல்ல கலந்தா ஒரு எம்எல்ல 80 மைக்ரோகிராம். பேஷன்ட் 60 கிலோ, ஆர்டர் கிலோவுக்கு நிமிஷத்துக்கு 0.1 மைக்ரோகிராம்னா நிமிஷத்துக்கு 6, ஒரு மணி நேரத்துக்கு 360, அத 80 ஆல வகுத்தா 4.5, பம்ப்ல மணிக்கு 4.5 எம்எல்னு வைக்கணும். உங்க யூனிட்ல எந்த டைல்யூஷனோ அத வெச்சு பேப்பர் இல்லாம சொல்ல பழகுங்க.

கொழிஞ்சாம்பாறை நர்ஸ்:
எங்க யூனிட்ல 8 மில்லிகிராம் 50 எம்எல்ல கலப்போம்க்கா, அப்ப 160, அதே ஆர்டருக்கு மணிக்கு 2.25. இது ஓகே, ஆனா எச்ஆர்ல லெட்டர்ல "ஸ்டாஃப் நர்ஸ்"னு மட்டும் தான் போடுவோம், டிபார்ட்மென்ட் பேர் போட மாட்டோம்ங்கறாங்க.

ரியாத் அக்கா:
நர்ஸிங் சூப்பிரண்ட் மேடத்துகிட்ட தனியா ஒரு லெட்டர், ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்ல, யூனிட்டும் தேதியும் போட்டு கேட்டுப் பாருங்க. அத ரெக்ரூட்டர் ஏத்துக்குவாங்களான்னு நாளைக்கே ஒரு மெயில் போட்டு கேட்டுருங்க.

செங்கோட்டை தம்பி:
அக்கா ஒரு டவுட்டு, பாலக்காட்டுல சேர்ந்ததுக்கும் கேரளா ரிஜிஸ்ட்ரேஷன் கைக்கு வந்ததுக்கும் நடுவுல கேப் இருந்தா அந்த மாசங்கள எக்ஸ்பீரியன்ஸ்ல எடுத்துக்குவாங்களா?

கொழிஞ்சாம்பாறை நர்ஸ்:
எனக்கு அந்த கேப் இருக்குங்க தம்பி. யாருக்காவது இப்படி இருந்து டேட்டாஃப்ளோ முடிஞ்சிருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.